வெள்ளவத்தைக் கடையின் வகைப் பக்கங்கள்: தலைப்புகளும் விவரங்களும்

தம்பி, தளத்தில் ஏற்ற வேண்டிய எழுத்து முழுவதும் கீழே இருக்கிறது. ஏசிக்கு மட்டும் 4 அளவு, 2 மோட்டார் வகை, 6 கம்பனி, 5 விலைப்படி என்று வடிகட்டி வைத்திருக்கிறோம். பெருக்கினால் 240 பக்கம். இதுவரை அத்தனைக்கும் ஒரே தலைப்பும் ஒரே விவரமும்தான் கிடந்தன. இனி, கடை வாசலில் ஆட்கள் வாய்விட்டுக் கேட்கிற சேர்க்கைகளுக்கு மட்டும் தனிப் பக்கம். "12000 இன்வேர்ட்டர் இருக்கா" என்று நாளுக்கு நாலு பேர் கேட்கிறார்கள். "வெள்ளை நிறம், விலை இறங்குவரிசை" என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்காத சேர்க்கைகள் வடிகட்டியில் வேலை செய்யட்டும், தேடலில் வர வேண்டாம். அவற்றின் தலைப்பகுதியில் இந்த வரியைப் போடவும்:

```html
<meta name="robots" content="noindex, follow">
```

அதே பக்கங்களை robots.txt இலும் தடுத்துவிட வேண்டாம். தடுத்தால் தேடுபொறி உள்ளே வராது, இந்த வரியையும் வாசிக்காது.

/ac

தலைப்பு: ஏசி விலை, கொழும்பு | 9000 முதல் 24000 பிடியூ வரை

விவரம்: அறையின் நீள அகலத்தைத் தந்தால் பொருந்தும் ஏசி தெரியும். பெறுமதிசேர் வரி 18%, பொருத்தும் கூலி, 10 அடி கொப்பர் குழாய் எல்லாம் விலைக்குள் அடக்கம்.

பக்கத்தின் மேலே: முதலில் அறையை அளந்துகொண்டு வாருங்கள். 120 சதுர அடி வரை 9000 பிடியூ போதும். 180 சதுர அடி வரை 12000. அதற்கு மேலே 18000. தொடர்மாடியின் உச்சித் தளம் என்றாலோ, பின்னேர வெயில் நேராக அடிக்கிற மேற்குச் சுவர் என்றாலோ ஒரு படி கூட்டி எடுங்கள். சின்ன ஏசியைப் பெரிய அறையில் போட்டால் அது ஓய்வில்லாமல் ஓடும். அறையும் குளிராது, பில்லும் குறையாது.

/ac/12000-btu/inverter

தலைப்பு: 12000 பிடியூ இன்வேர்ட்டர் ஏசி | படுக்கையறைக்கு

விவரம்: இரவு முழுக்க ஏசி போடுகிறவர்களுக்கு. 180 சதுர அடி வரையான அறைக்குப் போதும். கொழும்பு 1 முதல் 15 வரை இரண்டு நாளுக்குள் பொருத்தித் தருகிறோம்.

பக்கத்தின் மேலே: சாதாரண ஏசியின் கொம்பிரசர் முழு வேகத்தில் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இன்வேர்ட்டர் வகை அறை குளிர்ந்த பிறகு வேகத்தைக் குறைத்து மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாளைக்கு ஆறு, எட்டு மணித்தியாலம் போடுகிற வீட்டில்தான் இந்த வித்தியாசம் பில்லில் தெரியும். வீட்டு மின்கட்டணத்தில் யூனிட் கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறுகிறதல்லவா, அதனால் சேமிக்கிற ஒவ்வொரு யூனிட்டும் விலை கூடிய யூனிட். விருந்தாளி வந்தால் மட்டும் போடுகிற அறைக்கு இன்வேர்ட்டர் தேவையில்லை. அதை இங்கே வெளிப்படையாகவே சொல்கிறோம். சாதாரண வகை அடுத்த பக்கத்தில் இருக்கிறது, விலையும் குறைவு.

/ac/coastal

தலைப்பு: கடலோர வீட்டுக்கு ஏசி | கொப்பர் கொயில், பூச்சுள்ள தகடு

விவரம்: வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, முகத்துவாரம் வீடுகளுக்கு. உப்புக்காற்றைத் தாங்கும் வெளி யூனிட் உள்ள ஏசிகள் மட்டும் இந்தப் பக்கத்தில்.

பக்கத்தின் மேலே: மெரின் டிரைவ் பக்கம் பழுதுபார்க்கப் போனால் வெளி யூனிட்டின் தகடுகள் கையால் தொட்டாலே பொடியாக உதிர்கின்றன. உள்ளே இருக்கிற பெட்டி புதுசு மாதிரி இருக்கும், வெளியே இருப்பது செத்துப்போயிருக்கும். கடல் உப்பு அலுமினியத்தை அரித்த அரிப்பு அது. ஆகவே கடல் தெரிகிற வீட்டுக்காரர் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, கொயில் கொப்பரா என்பது. மற்றது, வெளி யூனிட்டின் தகடுகளில் நீலம் அல்லது பொன்னிறப் பாதுகாப்புப் பூச்சு இருக்கிறதா என்பது. இரண்டும் இருப்பவற்றைத்தான் இங்கே போட்டிருக்கிறோம்.

பூச்சு இருந்தாலும் பராமரிப்பு வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் கரண்டை நிறுத்திவிட்டு வெளி யூனிட்டை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். அழுத்தக் குழாயால் அடிக்க வேண்டாம், தகடு மடிந்துவிடும். இடம் இருந்தால் யூனிட்டைக் கடலைப் பார்க்காத சுவரில் பொருத்தச் சொல்லுங்கள். எங்கள் ஆட்கள் வந்து பார்த்துச் சொல்வார்கள், அதற்குக் காசு இல்லை.

/fans/ceiling/bldc

தலைப்பு: பிஎல்டிசி சீலிங் பேன் | கரண்ட் பாதிக்கும் குறைவு

விவரம்: சாதாரண பேன் 70 வொட் அளவில் எடுக்கும், இது 30 வொட் அளவில். ரிமோட்டுடன். பழைய கொக்கியிலேயே மாட்டலாம்.

பக்கத்தின் மேலே: கணக்கு இதுதான். நாளுக்கு 10 மணித்தியாலம், மாதம் 30 நாள். 70 வொட் பேன் 21 யூனிட் எடுக்கும், 30 வொட் பேன் 9 யூனிட். மூன்று பேன் ஓடுகிற வீட்டில் மாதம் 36 யூனிட் மிச்சம். பழைய சுவர் ரெகுலேட்டரை இதனோடு சேர்த்துப் பாவிக்கக் கூடாது, எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிக் கழற்றிவிடுங்கள்.

/fans/rechargeable

தலைப்பு: சார்ஜ் செய்யும் பேன் | கரண்ட் போனாலும் காற்று

விவரம்: 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியதை யாரும் மறக்கவில்லை. பற்றரி தனியே மாற்றக்கூடிய வகைகளை மட்டும் வைத்திருக்கிறோம்.

/backup/router-ups

தலைப்பு: ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் | 9 வோல்ட், 12 வோல்ட்

விவரம்: கரண்ட் போனதும் வைஃபை நிற்காது. வாங்கும் முன் ரவுட்டர் அடப்டரில் எழுதியுள்ள வோல்ட் அளவைப் பாருங்கள், மாறினால் ரவுட்டர் எரியக்கூடும்.

/power-banks/20000mah

தலைப்பு: 20000 எம்ஏஎச் பவர் பேங்க் | விமானத்தில் கொண்டுபோகலாம்

விவரம்: 74 வொட் மணி. பொதுவாக விமானக் கைப்பையில் அனுமதிக்கப்படும் 100 வொட் மணி எல்லைக்குள் அடங்கும். பெட்டிக்குள் போட்டு அனுப்பக் கூடாது.

பக்கத்தின் மேலே: 20000 என்பது உள்ளே உள்ள பற்றரியின் அளவு, 3.7 வோல்ட்டில் கணக்கிட்டது. போனுக்கு 5 வோல்ட்டில் வெளியே வரும்போது, சூடாகி இழப்பதையும் கழித்தால், ஏறக்குறைய 12000 தான் கையில் கிடைக்கும். எந்தக் கம்பனிக்கும் இதுதான் நியதி. 5000 எம்ஏஎச் போனை இரண்டு தரம் முழுதாக ஏற்றலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

/phones/used

தலைப்பு: பாவித்த போன்கள் | ஐஎம்இஐ சரிபார்த்து, பற்றரி நிலை எழுதியது

விவரம்: ஒவ்வொரு போனின் பற்றரி நிலையும் கீறல்களும் படத்துடன். 3 மாதக் கடை உத்தரவாதம். வெள்ளவத்தைக் கடையில் கையில் பிடித்துப் பார்த்து வாங்கலாம்.

பக்கத்தின் மேலே: எங்களிடம் வாங்கினாலும் சரி, வேறெங்கே வாங்கினாலும் சரி, காசு கொடுக்கும் முன் போனில் `*#06#` அழுத்துங்கள். 15 இலக்க எண் வரும். அது பெட்டியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு `IMEI` என்று தட்டி, இடைவெளி விட்டு, அந்த எண்ணை எழுதி 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் அந்தப் போன் இருக்கிறதா என்று பதில் வரும். விற்கிறவர் முன்னாலேயே அனுப்புங்கள், கூச்சப்பட ஒன்றும் இல்லை. பற்றரி நிலை 80% க்குக் கீழே போன ஐபோன்களுக்குப் புதுப் பற்றரி போட்டே விற்கிறோம்.

/phones/used/under-50000

தலைப்பு: 50,000 ரூபாய்க்குள் பாவித்த போன்

விவரம்: அம்மா அப்பாவுக்கு வட்ஸ்அப் பேச, பிள்ளைக்கு வகுப்புக்கு. மென்பொருள் புதுப்பிப்பு இன்னும் வருகிற மொடல்கள் மட்டும்.

/laptops/16gb/ssd

தலைப்பு: 16 ஜீபி ரம், எஸ்எஸ்டி லப்டொப் | பல்கலைக்கழக மாணவருக்கு

விவரம்: ரம் பின்னர் கூட்டலாமா, பலகையில் ஒட்டியதா என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கிறோம். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்புக்கும் அனுப்புகிறோம்.

பக்கத்தின் மேலே: 8 ஜீபி எடுத்துப் பிறகு கூட்டலாம் என்று நினைக்கிற பெற்றோர் கவனிக்க வேண்டும். மெல்லிய லப்டொப்புகள் பலவற்றில் ரம் பலகையோடு ஒட்டியே வருகிறது, எந்தக் காலத்திலும் கூட்ட முடியாது. பட்டியலில் "கூட்டலாம்" என்ற வடிகட்டியைத் தட்டினால் திறந்து கூட்டக்கூடியவை மட்டும் நிற்கும். விண்டோஸ் 11 இல் தமிழ் 99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. பாமினியில் பழகிய கைகளுக்குப் பாமினியைக் கடையிலேயே இலவசமாக அமைத்துத் தருகிறோம்.

/tv/43-inch மற்றும் /tv/55-inch

43 அங்குலத் தலைப்பு: 43 அங்குல ஸ்மார்ட் ரீவி | சின்ன விறாந்தைக்கு

43 அங்குல விவரம்: மூலைக்கு மூலை 109 சென்ரிமீற்றர். 5, 6 அடி தள்ளி இருந்து பார்க்கிற வீட்டுக்கு. சுவரில் மாட்டும் தாங்கி இலவசம்.

55 அங்குலத் தலைப்பு: 55 அங்குல 4கே ரீவி | லிப்டில் ஏறுமா என்று பார்த்து அனுப்புகிறோம்

55 அங்குல விவரம்: மூலைக்கு மூலை 140 சென்ரிமீற்றர், 7, 8 அடி தூரம் வேண்டும். பழைய தொடர்மாடி லிப்டின் உயரத்தை முதலில் கேட்போம்.

இரண்டு பக்கத்துக்கும் கீழே ஒரே குறிப்பு: ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரத்தில் இடி மின்னல் கூட. இடி முழங்கத் தொடங்கும் முன்பே பிளக்கையும் அன்ரெனா வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. அன்ரெனா வழியே வந்த மின்னலால் போன ரீவிக்குப் பொதுவாகக் கம்பனி உத்தரவாதம் செல்லாது.

/washing-machines/front-load

தலைப்பு: முன்கதவு வோஷிங் மெஷின் | 7 கிலோ, 8 கிலோ

விவரம்: தண்ணீர் குறைவாக எடுக்கும். சுடுநீர் ஓடும்போது 2000 வொட் அளவில் இழுக்கும், 13 ஆம்பியர் சதுரப் பின் சொக்கெட் கட்டாயம்.

பக்கத்தின் மேலே: பழைய வீடுகளில் இன்னும் உருண்டைப் பின் சொக்கெட்டுகள் இருக்கின்றன. அதில் மாற்றுப் பிளக் செருகி மெஷின் ஓட்ட வேண்டாம், உருகிப்போனவற்றைக் கண்ணால் கண்டிருக்கிறோம். சொக்கெட் மாற்ற வேண்டுமென்றால் ஓடர் போடும்போதே குறிப்பிடுங்கள், எலெக்ட்ரீஷியன் ஒருவரையும் கூட்டி வருவோம்.

பொருள் ஒன்றும் வராத சேர்க்கைகள் எல்லாவற்றுக்கும்

தலைப்பு: இந்தத் தெரிவில் இப்போது பொருள் இல்லை

பக்கத்தில்: நீங்கள் தெரிவுசெய்தது எதுவும் இன்று கடையில் இல்லை. கடைசியாகத் தட்டிய வடிகட்டியை எடுத்துவிட்டால் வருகிற பொருட்களைக் கீழே காட்டியிருக்கிறோம். அதுதான் வேண்டும் என்றால் உங்கள் வட்ஸ்அப் எண்ணைத் தாருங்கள். சரக்கு வந்த அன்றே சொல்வோம், வேறு எதற்கும் அந்த எண்ணைப் பாவிக்க மாட்டோம்.