ஊருணிப் படிக்கட்டில் குடத்தோடு ஏறும் அம்மா: உன் படத்தைப் பற்றி

தம்பி, படத்தைப் பெரிய திரையில் போட்டு நிதானமாகப் பார்த்தேன். கானாடுகாத்தானுக்கு கேமராவோடு வருகிற எல்லாரும் பர்மா தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், நீ ஊருணிக் கரையில் போய் நின்றிருக்கிறாய், அதுவே எனக்குப் பிடித்துவிட்டது. அதைவிடப் பிடித்தது அந்த அம்மாவின் உடம்பு நிற்கிற நிலை. இடது இடுப்பில் நிறைகுடம், அந்தப் பாரத்துக்கு ஈடுகொடுக்க உடம்பு மறுபக்கம் வளைந்திருக்கிறது, வலது கை காற்றில் கொஞ்சம் விலகியிருக்கிறது, குடத்தின் கழுத்திலிருந்து வழிந்த தண்ணீர் சேலையில் ஒரு கை அகலத்துக்கு நனைத்திருக்கிறது. உன் படம் அதுதான். அந்த வளைவும் அந்த ஈரமும். பிரேமில் மீதி இருக்கிற எல்லாமே இந்த இரண்டுக்கும் துணை நிற்க வேண்டும், இப்போது எதுவும் நிற்கவில்லை.

முதலில் சாய்வைப் பார். எதிர்க்கரை இடப்பக்கம் இறங்குகிறது, ஊருணித் தண்ணீர் அந்த மூலை வழியாக வடிந்துவிடும் போல இருக்கிறது. கரையை மட்டும் வைத்து இதைச் சொல்லக்கூடாது, ஏனென்றால் கரைக்கு நேராக நிற்காமல் கோணலாக நின்று எடுத்தால் கேமரா மட்டமாக இருந்தாலும் கரைக்கோடு சரிவாகத்தான் விழும். சந்தேகம் வந்தால் படத்தின் நடுப்பக்கம் செங்குத்தாக நிற்கிற பொருளைப் பார்க்க வேண்டும். எதிர்க்கரையில் இருக்கிற வீட்டின் தூண்களும் இடப்பக்கமே சாய்ந்திருக்கின்றன, ஆக சாய்ந்தது கேமராதான். ஷட்டரை வேகமாக அமுக்கும்போது வலது கை கேமராவின் அந்தப் பக்கத்தைக் கீழே தள்ளிவிடும், புதிதாக எடுப்பவர்கள் படம் இப்படி இடப்பக்கம் சாய்வது பெரும்பாலும் அதனால்தான். பாதி அமுக்கி ஃபோகஸ் வாங்கிவிட்டு, மீதியை மெதுவாக அமுக்கு. திரையில் கிரிட் கோடுகளைப் போட்டு வை.

சாய்வை அப்புறம் கம்ப்யூட்டரில் சரி செய்துகொள்ளலாமே என்று கேட்பாய். செய்யலாம், ஆனால் இந்தப் படத்தில் அதற்கு விலை உண்டு. படத்தைத் திருப்பினால் நாலு ஓரமும் வெட்டுப்படும், உன் படத்தில் கீழ் ஓரத்தில் ஏற்கனவே கணுக்காலோடு கால் வெட்டுப்பட்டு நிற்கிறது. அதோடு இங்கே சாய்வு செய்கிற பெரிய கெடுதல் வேறொன்று: அந்த அம்மா உன்னைப் பார்த்து ஏறி வருவதால், அவருடைய வளைவும் படத்தில் இடப்பக்கம்தான் விழுகிறது. கரை, தூண், கம்பம் எல்லாமே அதே பக்கம் சாய்ந்திருந்தால், குடத்தின் பாரத்தால் வந்த வளைவு எது, கேமரா சாய்ந்ததால் வந்தது எது என்று பார்க்கிறவருக்குப் பிரித்துத் தெரியாது. சுற்றியுள்ளதெல்லாம் நேராக நின்றால்தான் அவர் ஒருவர் மட்டும் வளைந்திருப்பது கண்ணில் படும், குடம் கனப்பதும் தெரியும்.

அப்புறம் அந்தக் கரைக்கோடு போகிற இடம். சரியாக அவர் கழுத்தை அறுத்துக்கொண்டு போகிறது. நீ நின்ற வாக்கில் கண் உயரத்தில் கேமராவைப் பிடித்திருக்கிறாய், அவரும் மேல்படிக்கு வந்துவிட்டதால் இருவரும் ஒரே மட்டம், அதனால் அடிவானம் அங்கேதான் விழும். நீ குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேமராவை உன் முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவந்திருந்தால் அதே கோடு அவர் முழங்கால் பக்கம் இறங்கியிருக்கும், குடமும் தோளும் தலையும் வானத்தின் மேல் தனியாக எழுந்து நின்றிருக்கும். இது மட்டும் செய்திருந்தாலே பாதிப் படம் தேறியிருக்கும்.

கழுத்துக்கு மேலே பார்த்தால் கரண்டுக் கம்பம். எதிர்க்கரையில் நிற்கிற கம்பம் உச்சந்தலையிலிருந்து முளைத்த மாதிரி தெரிகிறது. எடுக்கும்போது இது உன் கண்ணில் பட்டிருக்காது. நேரில் நமக்கு இரண்டு கண், தூரம் தெரியும், மனசும் வேண்டாததைத் தள்ளிவிடும். படத்தில் எல்லாம் ஒரே தளத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். இதற்கு வழி மென்பொருளில் தேடாதே, காலில் இருக்கிறது. அவர் உனக்கு ஏழெட்டு அடியில், கம்பமோ ஊருணிக்கு அந்தப் பக்கம். நீ வலப்பக்கம் ஒரே ஒரு எட்டு வைத்தால் போதும், பக்கத்தில் இருக்கிற அவர் இடப்பக்கம் நிறைய நகர்வார், தூரத்துக் கம்பம் அசையாத மாதிரிதான் இருக்கும், தலைக்கும் கம்பத்துக்கும் நடுவில் நல்ல இடைவெளி விழுந்துவிடும்.

வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஃபிளக்ஸ் பேனர், அதைத்தான் நான் படத்தில் முதலில் பார்த்தேன். சிவப்பும் மஞ்சளும், அதில் பெரிய எழுத்தும் ஒரு முகமும். நம் கண்ணுக்கு அது பழக்கம், எழுத்து இருந்தால் படிக்கும், முகம் இருந்தால் அங்கே போகும். அடுத்தபடியாகக் கண்ணை இழுப்பது மேல்பாதி முழுக்க இருக்கிற வெள்ளை வானம், படத்திலேயே மிக வெளிச்சமான இடம் அதுதான், ஆனால் அதில் பார்க்க ஒன்றும் இல்லை. மூன்றாவதாக அந்த வீட்டின் வளைவுகளும் மாடிக் கைப்பிடிச் சுவரும். இத்தனையும் சுற்றிவிட்டுத்தான் குடத்துக்கு வருகிறோம்.

நீ 18 மி.மீ.யில், f/8 வைத்து எடுத்திருக்கிறாய். அந்தச் சின்ன சென்சார் கேமராவில் அந்த அளவில் ஏழெட்டு அடியில் ஃபோகஸ் வைத்தால் கிட்டத்தட்ட முன்னாலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாமே தெளிவாக விழும், பேனர் எழுத்து உள்பட. உன் கையிலிருக்கிற அதே 18-55 லென்ஸை 55-க்குத் திருப்பி, f/5.6 வைத்து, மூன்று மடங்கு தள்ளி நின்று எடுத்துப் பார். அவர் இதே அளவில்தான் வருவார், பின்னால் விழுகிற பரப்பு மட்டும் நன்றாகக் குறுகிவிடும், பேனர் பிரேமுக்கு வெளியே போய்விடும். பின்னணி முழுதாகக் கரைந்துவிடாது, கூர்மை குறையும், அது போதும். ஃபோகஸ் புள்ளியை நீயே குடத்தின் கழுத்தில் வை, கேமரா இஷ்டத்துக்கு விடாதே.

பிரேமைப் பற்றி இன்னும் ஒன்று. நிற்கிற ஆளை எடுக்கிறாய், கேமராவை ஏன் படுக்கையாகப் பிடித்தாய்? நெட்டாகப் பிடித்திருந்தால் கால் உள்ளே வந்திருக்கும், அவர் ஏறி வந்த அந்தச் செம்பாறாங்கல் படியும், அதில் அவர் சிந்திய தண்ணீரும் வந்திருக்கும், வெற்று வானமும் இரண்டு பக்கமும் குறைந்திருக்கும். ஆளை நடுமத்தியில் வைக்கவும் வேண்டாம். பார்வை இடப்பக்கம் கீழே, அடுத்துக் கால் வைக்கப்போகிற இடத்தில் இருக்கிறது, அந்தப் பக்கம் இடம் விட்டால் அவர் போய்க்கொண்டிருப்பது தெரியும்.

இந்தப் படத்தையே தேற்ற வேண்டும் என்றால், சாய்வைச் சரி செய்துவிட்டு, தோளுக்குக் கீழிருந்து இடுப்பு வரை மட்டும் கிராப் செய்: குடம், அதை அணைத்த கை, ஈரச் சேலை. கம்பம், பேனர், கழுத்துக்கோடு எல்லாம் ஒரே வெட்டில் போய்விடும். முகம் இல்லாவிட்டாலும் இப்போது இருப்பதைவிட அது நல்ல படம், நான் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அந்த அம்மா தினமும் அதே நேரம் தண்ணீருக்கு வருவார் என்றாயே. இந்தப் படத்தை ஒரு பிரதி போட்டுக் கையில் கொடுத்துவிட்டு, இன்னொரு தடவை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேள். சரி என்றால், அவர் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்து, பின்னணியை முதலில் பார்த்து இடத்தை முடிவு பண்ணிவிட்டுக் காத்திரு. எடுத்ததில் நல்லது ஒன்றை மட்டும் பொறுக்கி அனுப்பாதே, எல்லாவற்றையும் வரிசையாக அனுப்பு.