கிரேடிங் சூப்பர்வைசர் பதவி: உங்கள் விண்ணப்பம் குறித்து

மார்த்தாண்டம்
18 ஆகஸ்ட்

அன்புள்ள ஷைனிக்கு,

வணக்கம். காலையில் என் அறையில் சொன்னதையே எழுதியும் தருகிறேன். முதல் வரியைக் கேட்ட பிறகு மற்றது எதுவும் மனதில் நின்றிருக்காது. வீட்டில் நிதானமாக வாசித்துப் பாருங்கள்.

கிரேடிங் சூப்பர்வைசர் பதவிக்கு இந்த முறை உங்களைத் தேர்வு செய்யவில்லை. பீலிங் பிரிவில் இருக்கும் ஒருவர் செப்டம்பர் 1 முதல் பொறுப்பேற்கிறார். நாளை மதியம் பலகையில் ஒட்டுவோம். டீ குடிக்கும் இடத்தில் யாரோ சொல்லி உங்களுக்குத் தெரியவரக் கூடாது என்றுதான் இன்றே கூப்பிட்டேன்.

முந்திரிப் பருப்பைப் பார்க்கும் கண்ணில் உங்களை மிஞ்ச இங்கே ஆளில்லை. தேர்வுக்கு உட்கார்ந்த மூன்று பேரும் இதை ஒரே குரலில் சொன்னோம். ஒரு பவுண்டு, அதாவது 453.6 கிராம் நிறுத்து எண்ணினால் உங்கள் மேசையின் 320 கிரேடு எப்போதும் 300க்கும் 320க்கும் நடுவில்தான் நிற்கும். ஆறு மாதமாக பேக்கிங்கிலிருந்து திரும்பி வந்த டின்களில் உங்களுடையது ஒன்றுகூட இல்லை. நீங்கள் பழக்கிவிட்ட நான்கு பேரும் இன்று தனியாக மேசை பார்க்கிறார்கள். போன வருடம் பிள்ளையின் ஆஸ்பத்திரி செலவுக்கும் அலைச்சலுக்கும் நடுவில் எடுத்த நீண்ட லீவை நாங்கள் கணக்கில் எடுக்கவே இல்லை. அந்தச் சந்தேகம் உங்களுக்கு வேண்டாம்.

தடையாக நின்றவை இரண்டு.

ஒன்று, ஜூலையில் நடந்தது. போர்மாவில் பருப்பு அதிகம் காய்ந்து, தொலி உரிக்கும்போதே நொறுங்கி, உங்கள் மேசைக்குப் பாதியும் பொடியுமாக வந்தது. காரணத்தை முதல் தட்டைக் கையில் எடுத்ததுமே கண்டுபிடித்தவர் நீங்கள்தான். ஆனால் போர்மாக்காரரிடம் போய்ச் சொல்லாமல், ராத்திரி எட்டு மணி வரை நீங்களே குனிந்து உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தீர்கள். மறுநாளும் அதே சூட்டில் அதே பருப்புதான் வந்தது. உங்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் சூப்பர்வைசர் அங்கே முதலில் செய்ய வேண்டியது வேலையை நிறுத்துவது, அடுத்த பிரிவைக் கூப்பிடுவது, ரெஜிஸ்டரில் எழுதுவது. அவர் உங்களைவிட வயதில் மூத்தவர், சொல்லத் தயக்கமாக இருந்தது என்று நேர்காணலில் சொன்னீர்கள். தயக்கம் எனக்குப் புரிகிறது. இந்தப் பதவியில் பாதி வேலையே அப்படிப் போய்ச் சொல்வதுதான்.

இரண்டாவது, வெட்டிப் பார்க்கும் கணக்கு. எழுத்துத் தேர்வில் ஒரு கிலோ கொட்டை சாம்பிளில் நல்ல பருப்பு 255 கிராம், புள்ளி விழுந்தது 22 கிராம் என்று கொடுத்திருந்தோம். புள்ளிப் பருப்பில் பாதியைத்தான் சேர்க்க வேண்டும்: 266 கிராம். அதை மூட்டையின் எடையான 80 கிலோவால் பெருக்கி 453.6ஆல் வகுத்தால் மூட்டைக்கு 46.9 பவுண்டு. நீங்கள் 22ஐயும் முழுதாகச் சேர்த்ததால் 48.9 வந்தது. 200 மூட்டை லாட்டில் இந்த வித்தியாசம் சுமார் 176 கிலோ பருப்பு. அவ்வளவும் கிரேடிங்கில் தொலைந்ததாகக் கணக்கு காட்டும், பழி உங்கள் பெண்கள் மேல் விழும். கணக்கு சரியாக இருந்தால்தான் அவர்களுக்காக நீங்கள் பேச முடியும்.

இரண்டுமே பழகினால் வரக்கூடியவை. அதற்கு நான் செய்வது இது: செப்டம்பர் முதல் திங்களும் வியாழனும் மதியம் 2 முதல் 3 வரை கொள்முதல் பிரிவில் சாம்பிள் வெட்டும் இடத்தில் இருப்பீர்கள். ஷிப்டு நேரத்துக்குள்தான், உங்கள் 6.10 கருங்கல் பஸ் தவறாது. காலை 9 மணிக்குப் போர்மா, பீலிங், கிரேடிங் மூன்றும் கூடும் பத்து நிமிடப் பேச்சில் நம் பிரிவுக்காக நீங்கள் பேசுவீர்கள். முந்தைய நாள் எவ்வளவு நொறுங்கியது, ஏன் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். முதல் வாரம் நான் பக்கத்தில் இருப்பேன். நவம்பர் கடைசியில் இருவரும் உட்கார்ந்து பார்ப்போம்.

அடுத்த இடம் எப்போது காலியாகும் என்று எனக்குத் தெரியாது. அதனால் தேதி சொல்லி ஆசை காட்ட மாட்டேன். காலியானால் நீங்கள் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும் என்பது என் விருப்பம். உங்கள் சம்பளம், மேசை, ஷிப்டு எதுவும் மாறாது.

வருத்தமாகத்தான் இருக்கும். நாளை வேலைக்கு வர மனசில்லை என்றால் ஒரு வரி சொல்லி லீவு எடுங்கள், காரணம் கேட்க மாட்டேன். நான் எழுதியதில் ஒப்புக்கொள்ள முடியாதது இருந்தால் பேனாவால் குறித்துக்கொண்டு சனிக்கிழமை 2 மணிக்கு வாருங்கள். தேர்வுத் தாளை எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உற்பத்தி மேலாளர்