ஒப்புவித்தல் போட்டிக்கு ஒரு செந்தமிழ் உரை வேண்டும்

பெரியப்பாவுக்கு,

வணக்கம். மதிவதனியின் பள்ளியில் அடுத்த வெள்ளிக்கிழமை ஒப்புவித்தல் போட்டி. எட்டாம் வகுப்புப் பிரிவுக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘எம் ஊர் நீர்நிலை’. பழைய இலக்கிய நடையில் இருக்க வேண்டுமாம். மூன்று நிமிடத்தைத் தாண்டக்கூடாது, தாள் பார்க்கக்கூடாது. உச்சரிப்புக்கும் ஏற்ற இறக்கத்துக்கும் தனி மதிப்பெண் உண்டு.

நானே எழுதிப் பார்த்தேன். பாதியில் கட்டுரை நோட்டு மாதிரி ஆகிவிட்டது. ‘நீரின்றி அமையாது உலகு’ என்று தொடங்கி மரம் வளர்ப்போம் என்று முடியும் பேச்சை அவள் வகுப்பில் ஏற்கெனவே நான்கு பேர் வைத்திருக்கிறார்களாம். அதனால்தான் உங்களைத் தொந்தரவு செய்கிறேன். நம் உத்தரமேரூர் ஏரியைப் பற்றியே எழுதிக் கொடுங்களேன். கோயில் சுவரில் இருக்கும் குடவோலைக் கல்வெட்டு பற்றி அவளுக்கு நீங்கள் சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது. அதுவும் வந்தால் சந்தோஷப்படுவாள். ழகரம் அவளுக்கு நன்றாக வருகிறது, ஆனால் மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. வாக்கியங்கள் சின்னதாக இருந்தால் நல்லது. அப்புறம், அர்த்தம் தெரியாமல் ஒப்பிக்க மாட்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் கேள்வி கேட்பாள், தெரியும்தானே!

பெரியம்மாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
தேன்மொழி

*

அன்பு தேன்மொழி,

எழுதிவிட்டேன். ஏரியே எழுந்து பேசுவதாக வைத்திருக்கிறேன். பிள்ளை ஏரியைப் பற்றிப் பேசினால் அது கட்டுரை. ஏரியாக நின்று பேசினால் பழைய நடை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஆயிரம் வயதுக்காரி இன்றைய பேச்சா பேசுவாள்? கல்வெட்டுச் செய்திகளில் நான் எதையும் கூட்டவில்லை. நடுவர் கேட்டால் அவை 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, முதற் பராந்தகன் காலத்தவை என்று சொல்லட்டும்.

வயிரமேகத் தடாகம் உரைத்தது

அவையீர், கேண்மின்! கரைமேல் நடப்பீர், கணப்பொழுது நின்மின்!

நும்மை அழைப்பது காற்று அன்று. கரையில் நிற்கும் பனையும் அன்று. யானே அழைக்கின்றேன். உத்தரமேரூர்ப் புறத்தே வானம் நோக்கிக் கிடக்கும் ஏரி யான். பல்லவர் நாளிலேயே வயிரமேகத் தடாகம் எனப் பெயர் பூண்டேன். முடியுடை வேந்தர் பலர் வந்தனர், பலர் சென்றனர். யான் கிடந்தவாறே கிடக்கின்றேன்.

கார் பொழியும். கால்வழி நீர் ஓடி வரும். இரு கை விரித்து யான் ஏந்துவேன். ஏந்தியதில் எனக்கென ஒன்றும் வையேன். மதகு திறப்பின் மருதம் நனையும். நெல் தலை நிமிரும். நாரை நடை பயிலும். உழவன் உள்ளம் குளிரும். மிக்க நீரோ கலிங்கு வழியே கீழேரி புகும். தமக்கை உண்டு மிகுந்ததைத் தங்கைக்கு ஊட்டுதல் எம் குலத்து வழக்கம்.

என்னை ஆக்கியது மண் என்பீர். மெய்யே. காத்தது எது? அறிவீரோ? அறியீராயின் கோயிற் சுவரைக் கேண்மின். கல் சொல்லும்.

பராந்தகன் ஆண்ட நாளில் இவ்வூர்ச் சபையார் ஒருங்கு கூடினர். ஊரை முப்பது குடும்பாகப் பகுத்தனர். தக்கார் பெயரை ஓலையில் பொறித்தனர். ஓலையைக் குடத்தில் இட்டனர். முதியோர் கையிட்டு எடுத்தாரல்லர். வலியோர் கையிட்டு எடுத்தாரல்லர். ஏதும் அறியாப் பாலன் ஒருவனை அழைத்தனர். அவன் சிறு கை குடம் புகுந்தது. ஓலை வெளிவந்தது. அவ்வாறு வந்தோருள் அறுவர் என் காவலர். ஏரி வாரியப் பெருமக்கள் என்பது அவர் பெயர்.

யாவர் தக்கார்? முப்பத்தைந்து நிரம்பியோர், எழுபது கடவாதோர். இறை செலுத்தும் நிலம் உடையோர். தம் மனையில் தாமே அகம் எடுத்து வாழ்வோர். யாவர் தகார்? வாரியம் செய்து கணக்குக் காட்டாதார் தகார். அவர் மட்டுமோ? அவர் மாமன் பெயரும் குடம் புகாது! மைத்துனன் பெயரும் குடம் புகாது! முன்னூற்று அறுபது நாள் காத்தபின், காவலர் கைவிட்டு இறங்குவர். மீண்டும் ஓலை. மீண்டும் குடம். மீண்டும் பாலன்.

அன்று என் வயிற்று வண்டல் வாரிக் கரையிற் சேர்த்தற்கென்றே பொன் ஈந்தாரும் உளர். இன்று என் உடன்பிறந்தார் படும் பாடு கேண்மின். மாம்பலத்தில் எனக்கொரு தமக்கை இருந்தாள். நெடிய ஏரி அவள். அவள் நீர் வடித்தனர். அவள் மார்பின்மேல் நகர் அமைத்தனர். பட்டு விற்கும் தெருவில் நடப்பீரே, நும் அடிக்கீழ்க் கிடப்பாள் அவளே!

மானிடர் மறப்பர். மழை மறவாது. பெய்யுந்தோறும் தன் பழைய மனை தேடி வரும். மனைக்கு உரியாள் மீண்டும் வாயில் வந்து நின்றால், அவளை வெள்ளம் என்று வைகின்றீர். வந்தவள் பகைவியோ? வழி மறித்தார் யார்?

யான் இரப்பது பொன்னன்று, பூவன்று. என் கால் அடைத்தீர், திறமின். என் கரை அகழ்ந்தீர், நிறுமின். என் வண்டல் எனக்குச் சுமை. வாரி நும் வயற்கு இடுமின். பின்னர்க் கணக்குக் காட்டுமின்!

குடம் கொணர்மின். ஓலை இடுமின். எடுப்பதற்குச் சிறு கை வேண்டுமோ? இதோ, ஒரு சிறுமி நிற்கின்றாள்!

இவ்வளவுதான் உரை. கடைசி வரியில் வலக்கையை மட்டும் முன்னே நீட்டட்டும். அதற்கு முன்பு கை வீசவே வேண்டாம். நம் பள்ளிப் போட்டிகளில் கை ஆட்டிய பிள்ளைக்குத்தான் பரிசு என்று யாரோ கிளப்பிவிட்டார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை.

அவள் கேட்கப்போகிற சொற்களையும் சொல்லிவிடுகிறேன். ‘கால்’ என்பது வாய்க்கால். ‘கலிங்கு’ என்பது ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் இடம். ‘குடும்பு’ என்பது ஊரின் ஒரு பிரிவு. ‘இறை’ என்றால் வரி. ‘அகம் எடுத்து’ என்றால் வீடு கட்டி. அந்தத் தொடர் கல்வெட்டிலேயே இருக்கிறது, மாற்றிவிடாதீர்கள். ‘நிறுமின்’ என்றால் நிறுத்துங்கள், அதாவது கரையை எழுப்புங்கள். ‘கரை அகழ்ந்தீர்’ என்பதில் ழகரத்துக்கும் ‘வழி மறித்தார்’ என்பதில் றகரத்துக்கும் கொஞ்சம் கூடுதல் பழக்கம் தேவைப்படும்.

நான் வாசித்துப் பார்த்ததில் மூன்று நிமிடத்தை ஒட்டி வருகிறது. மேடையில் பதற்றத்தில் பிள்ளைகள் வேகம் எடுப்பார்கள், ஆனால் இவள் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறவள். நேரம் இடித்தால் நாரை, உழவன் வரும் இரண்டு வாக்கியங்களை எடுத்துவிடு. மாமன், மைத்துனன் வரியில் மட்டும் கை வைக்காதே. அரங்கம் சிரிக்கப்போவது அங்கேதான். சிரிப்பு அடங்கும்வரை அவள் காத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை இங்கே அனுப்பு. ஏரிக்கரையில் நிற்க வைத்து ஒருமுறை கேட்டுவிடுகிறேன்.

பெரியப்பா