கேட்டுக்கு முன்னால் வண்டி: வீட்டில் குடியிருக்கும் எல்லோரும் படிக்கவும்

எல்லோருக்கும் வணக்கம். வாய்ஸ் மெசேஜாக அனுப்பலாம் என்று பார்த்தேன். பாதி பேர் கேட்க மாட்டீர்கள், கேட்டவர்களும் எனக்குக் கோபம் வந்த இடத்தை மட்டும் ஞாபகம் வைத்திருப்பீர்கள். அதனால் உட்கார்ந்து டைப் செய்கிறேன். நீளமாகத்தான் இருக்கும். பஸ் டிப்போவில் இருபத்தாறு வருஷம் டைம் கீப்பர் வேலை பார்த்தவன், ரிப்போர்ட் எழுதிப் பழகிய கை.

நேற்று புரட்டாசி சனிக்கிழமை காலை நடந்தது உங்களில் சிலருக்கு முழுதாகத் தெரியாது. கீழ் முன்வீட்டு சார் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸுக்குப் போகிறவர். இதைக் குழுவில் எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆறு மணிக்கு அவர் அங்கே படுக்கையில் இருக்க வேண்டும். ஐந்தேகால் மணிக்கு அவர் மகன் காரை எடுக்க வந்தால், கேட்டுக்கு வெளியே குறுக்கே ஒரு வெள்ளைக் கார். கேட்டின் அகலம் பத்து அடி. அந்தக் காரின் நீளம் சுமார் பதின்மூன்று அடி. ஒரு ஸ்கூட்டர்கூட வெளியே போக வழியில்லை.

யாருடைய கார் என்று யாருக்கும் தெரியவில்லை. பெல் அடித்தோம். முதல் மாடி முன்வீட்டில் முந்தின நாள் ராத்திரி விருந்தாளிகள் வந்து தங்கியிருந்தது எனக்குத் தெரியும், ஆனால் கார் அவர்களுடையதுதான் என்று நிச்சயமாகத் தெரியாது. போன் செய்தோம், சைலண்டில் இருந்தது. மாடிக்கு ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன். ஏசி போட்டுக் கதவைச் சாத்திப் படுத்திருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. தள்ளிப் பார்க்கலாம் என்றால் ஹேண்ட் பிரேக் போட்டு, கியரிலும் விட்டிருந்தார்கள். ஆட்டோவுக்கு ஆஞ்சநேயர் கோயில் பக்கம் ஓடினான் அந்தப் பையன். நங்கநல்லூரில் புரட்டாசி சனிக்கிழமை விடியற்காலையில் காலியாக ஆட்டோ கிடைப்பது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்கே தெரியும். கடைசியில் சார் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு ஐம்பது.

ஐம்பது நிமிஷம் தாமதம்தானே என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், அவர் மனைவி விளக்கிச் சொல்லும் வரை. ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம் மெஷினில் ரத்தம் சுத்தமாக வேண்டும். பத்தரை மணிக்கு அதே படுக்கைக்கு அடுத்த ஆள் வந்து காத்திருப்பார். அதனால் தாமதமாகப் போனால் அந்த நேரம் பின்னால் நீட்டப்படாது, குறைக்கப்படும். நேற்று அவருக்கு அப்படித்தான் குறைத்தார்கள். அடுத்தது செவ்வாய்க்கிழமைதான், நடுவில் இரண்டு முழு நாள். அதுவரை தண்ணீரை இன்னும் அளந்து குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். யாரோ ஒருவர் காரை எட்டு அடி தள்ளி நிறுத்தாததற்கு, இவர் தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.

முதல் மாடிக்காரர்கள் எழுந்து விஷயம் தெரிந்ததும் பதறிக்கொண்டு கீழே வந்தார்கள். அந்த விருந்தாளியே நேரில் போய் சாரிடம் மன்னிப்புக் கேட்டார். நல்ல மனிதர். ஊரிலிருந்து ராத்திரி பதினொன்றரைக்கு வந்து இறங்கியவருக்கு இது எந்த வீட்டு வழி, உள்ளே எத்தனை வண்டி நிற்கிறது என்பதெல்லாம் எப்படித் தெரியும்? அதனால் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்ல வேண்டியவர் அழைத்தவர். விருந்தாளி வண்டியை எங்கே நிறுத்துவது என்பது, அவருக்குச் சாப்பாடு போடுவது மாதிரி, கூப்பிட்டவர் பொறுப்பு.

இதற்குமேல் எழுதினால் முதல் மாடியை மட்டும் குறை சொல்வதாக ஆகும். அது நியாயமில்லை. போன பொங்கலுக்கு என் மாப்பிள்ளை இதே கேட்டுக்கு முன்னால் காரைப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் தூங்கினார். முதல் மாடி பின்வீட்டுக்காரர்கள் மாமியார் வீட்டுக்குக் கிளம்ப முடியாமல் பட்டுப்புடவையோடு போர்டிகோவில் நின்றார்கள். 'வீட்டு ஓனர் மாப்பிள்ளை' என்பதற்காக அவர்கள் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது சாயங்காலம்தான் தெரிந்தது. அன்றைக்கே இதை எழுதியிருக்க வேண்டும். இரண்டாம் மாடிப் பெண்களின் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்குகளை வரிசையாகக் கேட்டை ஒட்டி நிறுத்துவதும் உண்டு. ஆக, இந்த வீட்டில் யாரும் பாக்கி இல்லை.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. ஆவணியில் ஒரு விருந்தாளியின் கார் டயரில் யாரோ காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லப் போவதில்லை. கோபம் புரிகிறது, புத்திதான் புரியவில்லை. வழியை மறித்து நிற்கிற வண்டியின் காற்றைப் பிடுங்கினால் அது எப்படி நகரும்? பஞ்சர் கடைக்காரர் வரும் வரை இன்னும் இரண்டு மணி நேரம் அங்கேயேதான் நின்றது. அந்த வேலை இனி இந்த வீட்டில் வேண்டாம்.

டிப்போவில் ராத்திரி நூறு பஸ்ஸுக்குமேல் வந்து நிற்கும். எதுவும் கண்ட இடத்தில் நிற்காது. விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்புகிற வண்டி முன்னால், ஏழு மணி வண்டி பின்னால். எல்லா வண்டியும் வாசலைப் பார்த்து நிற்கும். கடைசி டிரிப் முடித்து அலுப்போடு வருகிற டிரைவர் 'எங்கேயாவது போடறேன் சார்' என்பார். விட மாட்டேன். அவர் போட்ட இடம் காலையில் ஒரு ரூட்டையே நிறுத்திவிடும். நம் வீட்டில் மூன்று காரும் ஏழு டூவீலரும்தான். இதற்கு ஒழுங்கு செய்ய முடியவில்லை என்றால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆகவே இன்று முதல் இப்படி வைத்துக்கொள்வோம்.

கேட்டுக்கு முன்னால், ரோட்டிலிருந்து ஏறுகிற அந்தச் சரிவு முழுவதும், எந்த வண்டியும் நிற்கக் கூடாது. ஆள் இறக்க, சாமான் இறக்க நிறுத்தலாம், டிரைவர் சீட்டை விட்டு இறங்காமல். 'ரெண்டே நிமிஷம், காபி குடிச்சிட்டு வந்துடறேன்' என்பது இதில் சேராது. ரெண்டு நிமிஷக் காபி எத்தனை நிமிஷம் ஆகும் என்று நமக்குத் தெரியும்.

விருந்தாளி டூவீலரில் வந்தால் உள்ளே கொண்டு வந்து, இடதுபக்கச் சுவரை ஒட்டி, மோட்டார் ரூமுக்கு முன்னால் விடுங்கள். நான்கு வண்டிக்கு இடம் இருக்கிறது. ஹேண்டில் லாக் போட வேண்டாம், நகர்த்த வேண்டி வரலாம். உள்ளே கேமரா இருக்கிறது, வண்டிக்கு ஒன்றும் ஆகாது.

காரில் வந்தால் தெருக்கோடியில் இருக்கும் காலி மனைக்கு அனுப்புங்கள். மனைக்காரரிடம் இன்று காலை நேரில் போய்ப் பேசிவிட்டேன். வீடு கட்ட ஆரம்பிக்கும் வரை மூன்று கார் வரை விட்டுக்கொள்ளச் சம்மதித்தார். மழை பெய்தால் அங்கே சேறாகும், அப்போது பார்க் காம்பவுண்டு ஓரமாக விடலாம். எதிர்வீட்டு வாசல் வேண்டவே வேண்டாம், அவர்களோடு பதினெட்டு வருஷப் பழக்கம் எனக்கு. டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியிலும் வேண்டாம். மழைநீர்க் கால்வாய் மூடிமேல் சக்கரத்தை ஏற்றாதீர்கள், போன வருஷம் ஒரு வேன் ஏறி மூடி உடைந்து மூன்று வாரம் பலகை போட்டுத்தான் நடந்தோம்.

ராத்திரி தங்குகிற விருந்தாளி என்றால், வண்டி நம்பரையும் அவருடைய போன் நம்பரையும் எனக்குத் தனியாக ஒரு மெசேஜ் போடுங்கள். யார் வருகிறார், ஏன் வருகிறார், என்ன உறவு என்பது எனக்கு வேண்டாம். உங்கள் வீட்டுக்கு யார் வருவது என்பதில் தலையிடுகிற ஓனர் இல்லை நான், இரண்டாம் மாடிப் பெண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எனக்கு வேண்டியது விடியற்காலை ஐந்து மணிக்கு யாரை எழுப்புவது என்பது மட்டும். படுக்கும்போது கார் சாவியை ஹாலில் வையுங்கள். போனைச் சைலண்டில் போட வேண்டாம்.

மீறி யாராவது நிறுத்தினால் முதலில் போன் செய்வேன், பிறகு வந்து கதவைத் தட்டுவேன். பத்து நிமிஷத்தில் எடுக்கவில்லை என்றால் 100க்குப் போன் செய்து டிராஃபிக் போலீஸை வரச் சொல்வேன். ஒருவர் வீட்டு வாசலை மறித்து வண்டி நிறுத்துவது சட்டப்படியே தப்பு. தப்பான பார்க்கிங்குக்கு முதல் தடவை 500 ரூபாய், அடுத்த தடவை 1500. இழுத்துக்கொண்டு போனால் அதற்குக் கூலி தனி. உங்கள் சித்தப்பாவாக இருந்தாலும் சரி, என் மாப்பிள்ளையாக இருந்தாலும் சரி. அவருக்கும் இந்த மெசேஜை அனுப்பிவிட்டேன், 'ஓகே மாமா' என்று பதில் வந்திருக்கிறது.

அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளுங்கள், வாடகையோடு ஐநூறு சேர்த்து வாங்குங்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். செய்ய மாட்டேன். காசு கட்டிவிட்டால் நிறுத்தலாம் என்று அர்த்தம் ஆகிவிடும். அதோடு, ஒப்பந்தத்தில் எழுதாத பணத்தை நான் வாங்கியதும் கிடையாது.

என் பக்கத்து வேலையும் பாக்கி இருக்கிறது. கேட்டில் இருக்கும் 'நோ பார்க்கிங்' போர்டு வெயிலில் வெளுத்து 'நோ' மட்டும்தான் தெரிகிறது. பெயிண்டர் புதன்கிழமை வருகிறார். போர்டைத் தமிழில் புதிதாக எழுதி, சரிவின் இரண்டு ஓரத்திலும் மஞ்சள் கோடு போடச் சொல்லியிருக்கிறேன். கேட்டு லைட் ஃபியூஸ் போய் ஒரு மாதம் ஆகிறது. ராத்திரி வந்தவருக்கு அது கேட்டு என்றே தெரிந்திருக்காது என்று முதல் மாடி அம்மா சொன்னது சரி. இன்று சாயங்காலம் மாற்றுகிறேன்.

இதையெல்லாம் இப்போதே சொல்வதற்குக் காரணம், அடுத்த வாரம் கொலு ஆரம்பிக்கிறது. மூன்று வீட்டில் படி கட்டுகிறீர்கள். ஒன்பது நாளும் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை வாசல் முழுக்க வண்டியாக இருக்கும். வெற்றிலை பாக்குக்கு அழைக்கும்போதே 'கார்ல வந்தா தெருக்கோடி மனையில விட்டுடுங்கோ' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கொலு நடுவிலும் செவ்வாய், வியாழன், சனி வரும். அந்த மூன்று நாளும் காலை ஐந்து மணிக்கு நானே வாசலில் நிற்பேன். எப்படியும் அந்த நேரத்துக்கு எனக்குத் தூக்கம் கிடையாது.

படித்தவர்கள் உங்கள் வீட்டைக் குறிப்பிட்டு ஒரு 'சரி' போடுங்கள். கட்டைவிரல் படம் வேண்டாம், யார் போட்டது என்று கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெரிவதில்லை.

பின்குறிப்பு: நாளை காலை மெட்ரோ வாட்டர் லாரி வருகிறது, ஏழிலிருந்து எட்டுக்குள். லாரி கேட்டுக்கு முன்னால்தான் நிற்கும், அதற்கு வேறு வழியில்லை. எட்டு மணிக்குள் வெளியே போக வேண்டியவர்கள் இன்று ராத்திரியே வண்டியை வெளியே மனையில் விட்டுவிடுங்கள்.