மலர், அந்தக் கடிதம் ரவியுடையது இல்லை

மலர், நான் செல்வம். ரங்கூன் திங்கன்ஜுனில் உங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருந்த தையற்காரர் மகன். பள்ளிக்கூடத்தில் தூரா என்றால் உனக்கு உடனே தெரியும், கோயில் தமிழ் வகுப்பில்தான் நாம் செல்வமும் மலரும். நீ என்று எழுதுவதா நீங்கள் என்று எழுதுவதா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். அப்போது நீ என்றுதானே பேசினோம், அதுவே இருக்கட்டும், பிடிக்கவில்லை என்றால் சொல், மாற்றிக்கொள்கிறேன்.

பேஸ்புக்கில் நண்பர் பட்டியலில் இல்லாதவன் அனுப்பினால் இது தனியாக ஒரு மூலையில் போய்க் கிடக்கும், நீ பார்க்க ஒரு வருஷம்கூட ஆகலாம். பரவாயில்லை. உன்னை நான் துருவித் தேடிக் கண்டுபிடிக்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2015-ல் ஒருமுறை தேடினேன், உண்மை. தாசின் என்ற உன் பள்ளிக்கூடப் பெயரில் ஆயிரம் பேர் வந்தார்கள், பலர் சோஜி எழுத்துருவில், சிலர் யூனிகோடில், எல்லோரும் முகத்துக்குப் பதில் பூப்படம் வைத்திருந்தார்கள். விட்டுவிட்டேன். போன மாதம் நம் கோயில் தீமிதிப் படத்துக்குக் கீழே "எங்க தெரு" என்று தமிழில் யாரோ எழுதியிருந்ததைப் பார்த்துத் தட்டினால், சிங்கப்பூரில் பெனின்சுலா பிளாசா வாசலில் ஒரு குட்டிப் பையனோடு நீ நிற்கிறாய். நெற்றியை அப்படிச் சுருக்கிக்கொண்டு வெயிலில் நிற்கிற ஆள் வேறு யாரும் இல்லை.

எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகிறது, ஐந்து வயதில் ஒரு பெண். இதை எழுதுவது என் மனைவிக்குத் தெரியும், பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், "சுருக்கமா எழுதுங்க, அவங்க வேலைக்குப் போற ஆளு" என்கிறாள். பர்மிய மொழியில் எழுதினால் உனக்குச் சுலபமாக இருக்கும் என்றும் சொன்னாள். ஆனால் அந்தக் கடிதம் தமிழில்தானே இருந்தது, அதனால் இதுவும் தமிழில்.

2009, திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு, கோடை வகுப்பில் உன் நாற்பது பக்க நோட்டுக்குள் ஒரு கடிதம் இருந்ததே, அது ரவி எழுதியது என்று நீ நினைத்தாய். கையெழுத்து அவனுடையதுதான். வாத்தியார் கரும்பலகையில் எழுதச் சொல்வது எப்போதும் அவனைத்தான், அதனால் பார்த்த உடனே உனக்குத் தெரிந்திருக்கும். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், உனக்கு அதைக் கொடுக்க வெட்கம். இரண்டு தட்டு மோகிங்கா வாங்கித் தருகிறேன் என்று அவனை உட்காரவைத்து நான் சொல்லச் சொல்ல எழுதவைத்தேன். கீழே பெயர் போடத் தைரியம் இல்லை. நோட்டுக்குள் வைத்ததும் நான்தான்.

நீ மறுநாள் அதை மடித்து, படிக்கட்டில் வைத்து ரவி கையில் கொடுத்தாய். கோபமாகத் திட்டி எழுதியிருப்பாய் என்று பயந்துகொண்டே பிரித்தோம். ஒரு வார்த்தைகூட இல்லை, "கண்கலை" என்று இருந்ததைச் சிவப்பு மையில் அடித்து "கண்களை" என்று திருத்தியிருந்தாய், அவ்வளவுதான். இன்றுவரை அது சம்மதமா, கிண்டலா, வாத்தியார் வேலையா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

அதை உன் அண்ணன் பார்த்துவிட்டார். அப்புறம் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும் என்று நினைக்கிறேன். முனைத் தேநீர்க் கடையில் எல்லோர் முன்னாலும் ரவியை அறைந்தார், ஒன்றில்லை, மூன்று. நான் அதே கடையில் இரண்டு மேசை தள்ளிக் குட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்தேன், முன்னால் தேநீர். எழுந்திருக்கவில்லை. ரவி என் பக்கம் ஒரு தடவை பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். என் பெயரை அவன் சொல்லவே இல்லை. அவன் அப்பா அவனை வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார், அந்த வருஷம் புத்தாண்டு பூசைக்குக்கூட அவன் வரவில்லை, வெளியே தெரு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், அவன் வீட்டுத் திண்ணையில் காய்ந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு அவன் எதிரே வந்தால் நீ தெருவின் மறுபக்கம் மாறிப் போவாய். அதையும் நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

நீங்கள் குடும்பத்தோடு இங்கிருந்து போனபோது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அப்போது கையில் போன் ஏது, தெருவோரம் மேசை போட்டு வைத்திருப்பார்களே அதில்தான் பேச வேண்டும், நம் ஆட்கள் கையில் 1500 சாட் சிம் வந்ததே 2014-ல்தான். ஆனால் அது சாக்கு. நான்கு வீடு நடப்பதற்குப் போன் வேண்டாம்.

இப்போது எழுதக் காரணம் ரவி. அவன் பினாங்கில் இருக்கிறான், பெரிய சமையலறையில் வேலை. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தன்று இங்கே ரங்கூனிலும் நன்றாக ஆடியது, வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, மாண்டலே பக்கம்தான் பார்க்க முடியாதபடி போய்விட்டது. அன்று ராத்திரி முழுக்க லைன் கிடைக்காமல் முயற்சி செய்து விடியற்காலையில் பிடித்தான். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம் கேட்டான், "டேய், அந்தப் புள்ளைகிட்ட இன்னும் சொல்லலையா?" பதினாறு வருஷத்தில் அவன் அதைப் பற்றிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அதனால் சொல்கிறேன். ரவி உன் பின்னால் சுற்றியவன் இல்லை, உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகப் பேசியவனும் இல்லை. உன்னைப் பிடித்திருந்தது எனக்கு. எப்போதிலிருந்து என்றால், நர்கிஸ் புயலுக்கு அடுத்த வாரம், கரண்ட் இல்லாமல் தெருவே தண்ணீருக்கு அலைந்தபோது, உங்கள் வீட்டுக் கைப்பம்பில் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் நீ அடித்துக்கொடுத்தாய், கன்னத்தில் பூசியிருந்த தனகா வியர்வையில் கரைந்து வழிந்துகொண்டிருந்தது, என் வாளி நிறைந்ததும் "நகரு, பாட்டி நிக்கிறாங்க" என்று சத்தம் போட்டாய். நான் நகர்ந்தேன். அன்றைக்குத்தான். இதைச் சொல்லி இப்போது ஒன்றும் கேட்கவில்லை, மனைவியும் வாசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

உனக்குக் கொடுத்த சங்கடத்துக்கு மன்னித்துவிடு. வீட்டில் உனக்கும் திட்டு விழுந்திருக்கும், அதை நான் இத்தனை நாள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை, இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது. அண்ணனிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். அவர் இங்கே வந்தால் நானே நேரில் சொல்லத் தயார், மூன்று அறை பாக்கி இருக்கிறது.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை. நான் மறுபடி தொந்தரவு செய்யமாட்டேன். ஒருவேளை எழுத நினைத்தால் எனக்கு முன்னால் ரவிக்கு இரண்டு வரி எழுது, என் நண்பர் பட்டியலில் இருக்கிறான், படத்தில் வெள்ளைத் தொப்பி போட்டுச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பவன். இதை அனுப்பப்போகிறேன் என்று நேற்று அவனிடம் சொன்னேன். கையெழுத்து மட்டும்தான் அவனுடையது, பிழை என்னுடையது என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னான்.

சரி, கரண்ட் போகிற நேரம் ஆகிவிட்டது, இருக்கும்போதே அனுப்பிவிடுகிறேன்.

செல்வம்