பொலியிலிருந்து எடுத்து வைத்த பங்கு

மடையும் மேரையும்: செங்கல்பட்டில் ஏரிப் பராமரிப்பு, 1767–1883
(முனைவர் பட்ட ஆய்வேட்டின் விரிவான நூல் வடிவம், 342 பக்கங்கள், கெட்டி அட்டை)

ஏரி என்றதும் நம்மிடையே ஒரு கதை தானாக வந்துவிடும். அந்தக் காலத்தில் ஊரே கூடித் தூர் வாரியது, வெள்ளைக்காரன் வந்தான், பொதுப்பணித்துறை வந்தது, ஊர் கைவிட்டது, ஏரி தூர்ந்துபோனது. கதையில் உண்மை இருக்கிறது. ஆனால் ஊர் கூடியது என்றால் கூடியவர்கள் யார், வந்தவனுக்குச் சோறு எங்கிருந்து வந்தது, வராதவனை என்ன செய்தார்கள் என்று கேட்டால் கதை வாயை மூடிக்கொள்ளும். இந்தக் கேள்விகளில் இரண்டாவதற்கு, நான் தமிழில் படித்தவற்றுள் மிகத் தெளிவான பதிலை இந்த நூல் தருகிறது. முதல் கேள்வியை அது தொட்டுவிட்டு விலகிவிடுகிறது. அதுதான் எனக்குள்ள பெரிய குறை.

நூலின் அடிப்படை வாதம் முன்னுரையிலேயே வெளிப்படையாக வைக்கப்பட்டிருக்கிறது: “ஏரியைக் காத்தது ஊரின் நல்லெண்ணம் என்று சொல்வது எளிது. களத்தில் பொலியைப் பங்கிடும் முன்பே ஏரிக்கென்று ஒதுக்கிய நெல்தான் அதைக் காத்தது. அந்த நெல் நின்றபோது நல்லெண்ணமும் நின்றது” (பக். 17). மேரை எனப்படும் அந்த ஒதுக்கீட்டைத் தேடி நூலாசிரியர் செல்லும் இடம் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு நடத்திய நில அளவை. ஆர்க்காட்டு நவாப் 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக விட்டுக்கொடுத்த பகுதியில் சுமார் 2,000 ஊர்களுக்கு அப்போது கணக்கெடுக்கப்பட்டது. ஆங்கிலச் சுருக்கங்களோடு நின்றுவிடாமல், ஊர்க் கணக்கர்கள் எழுதிய ஓலைக் கணக்குகளையும் பக்கத்தில் வைத்துப் படித்திருப்பது இந்த ஆய்வின் முதுகெலும்பு. ஓலையில் தனித்தனி வரியாக நிற்கும் பங்குகள் ஆங்கிலச் சுருக்கத்தில் ஒரே தொகையாகிவிடுவதை இரண்டாம் இயல் வரி வரியாகக் காட்டுகிறது. பழைய கணக்குகளோடு மல்லுக்கட்டிய எவருக்கும் அதன் பின்னாலுள்ள உழைப்பு புரியும்.

மூன்றாம் இயல்தான் நூலின் உச்சம். அறுத்த நெல் களத்துக்கு வருகிறது, அடிக்கிறார்கள், தூற்றுகிறார்கள், பொலி குவிகிறது. பங்கு யாருக்கு, எந்த வரிசையில்? நூலாசிரியர் எழுதுகிறார்: “மேல்வாரம், குடிவாரம் என்ற பிரிவினைக்கு முந்தியது மேரை. அரசும் உழுதவனும் தங்கள் பங்கை அளப்பதற்கு முன் ஏரியும் கோயிலும் கணக்கனும் தலையாரியும் தத்தம் பங்கை எடுத்தாகிவிட்டது. ஆகவே விளைச்சல் பொய்த்த ஆண்டில் ஏரிக்குக் கிடைத்த நெல் குறைந்ததே தவிர, வரிசையில் அதன் இடம் மாறவில்லை” (பக். 94).

கடைசி வாக்கியத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு நிதி எவ்வளவு பெரியது என்பதைவிட, அது எந்த இடத்தில் கழிக்கப்படுகிறது என்பது முக்கியம். எல்லாச் செலவும் போக மிஞ்சுவதில் பராமரிப்பு செய்யலாம் என்று வைத்தால் மிஞ்சப்போவது எதுவும் இல்லை. இன்றைக்கு எந்த உள்ளாட்சி அமைப்பின் வரவுசெலவைப் பார்த்தாலும் இது தெரியும். உத்தரமேரூர்க் கல்வெட்டின் ஏரி வாரியத்தையும் குடவோலையையும் பெருமையோடு மேற்கோள் காட்டும் நாம், அந்த வாரியம் செலவழிக்க நெல் எந்தப் பொலியிலிருந்து வந்தது என்று கேட்டதில்லை. நூலாசிரியர் முதலாம் பராந்தகனின் கல்வெட்டுகளை இரண்டு பக்கங்களில் கடந்துவிடுகிறார் (பக். 31–32). அது சரியான முடிவு. பத்தாம் நூற்றாண்டிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டுக்கு நேர்க்கோடு இழுக்கும் ஆசையை அவர் அடக்கியிருக்கிறார்.

நான்காம் இயல் 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பில் தொடங்கி லயனல் பிளேஸ் கலெக்டராக இருந்த 1794–98 காலத்தைப் பேசுகிறது. மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதை தெரியாதவர் இந்த மாவட்டத்தில் இருக்க முடியாது. மழை இரவில் உடைய இருந்த கரையில் வில்லேந்திய இருவரைக் கண்ட வெள்ளைக்காரத் துரை இந்தப் பிளேஸ்தான். நூலாசிரியர் கதையை மதிப்போடு ஒரு பத்தியில் சொல்லிவிட்டு, பிளேஸ் பழுதுபார்க்கச் செலவிட்டதையும் மிராசுதாரர்களோடு அவர் மோதியதையும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்களாகப் படிக்கிறார்: “கரையை அரசு கட்டத் தொடங்கிய நாளிலேயே, கரைக்குரிய நெல்லை எடுத்துவைக்கும் கை எது என்ற வழக்கும் தொடங்கிவிட்டது” (பக். 126). எனக்கு இது ஒப்புக்கொள்ளத்தக்க வாசிப்பு. ஆனால் மிராசு உரிமை பற்றி அரசு கேட்ட கேள்விகளுக்குச் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் 1818இல் வெளியிட்ட விடைகளை இந்த இயலில் இன்னும் நெருக்கமாகப் பயன்படுத்தியிருக்கலாம். ஓர் அடிக்குறிப்போடு விட்டது போதாது.

ரயத்துவாரி பற்றிய ஐந்தாம் இயலில் பழக்கமான செய்திகளே மிகுதி. மன்றோ கவர்னரானார், 1820 முதல் அந்த முறை பரவலானது, நெல் பங்கு பணத் தீர்வையானது. இவற்றைப் படித்தவர்கள் வேகமாகப் புரட்டிப்போகலாம். ஆனால் பக்கம் 151இல் நிற்க வேண்டும்: “பட்டா ஒவ்வொருவரையும் அரசோடு தனித்தனியே கட்டியது. ஏரியோடு அவர்களைச் சேர்த்துக் கட்டியிருந்த முடிச்சைப் பற்றி அது பேசவே இல்லை.” பொலியே இல்லாதபோது பொலியிலிருந்து எதை எடுத்துவைப்பது? யாரும் மேரையை ரத்து செய்யவில்லை. அதைக் கழிப்பதற்குரிய தருணம் காணாமல்போனது. நிர்வாக வரலாற்றில் இப்படிப்பட்ட இழப்புகளுக்கு ஆணையோ தேதியோ இருப்பதில்லை. அதனால்தான் அவற்றைக் கண்டுபிடிப்பது கடினம். நூலாசிரியர் கண்டுபிடித்திருக்கிறார்.

ஆறாம் இயலில் எனக்கு உடன்பாடில்லை. ஊர் வழக்கப்படி செய்துவந்த பாசன வேலைக்கு வராதவரிடம் அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இரு மடங்கு வசூலிக்க 1858ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டம் இடம்கொடுத்தது. இதை நூலாசிரியர் “வழக்கத்தைச் சட்டத்தின் நிலைக்கு உயர்த்திய முயற்சி” (பக். 203) என்கிறார். அவருடைய வாதத்தையே எடுத்துக்கொண்டால் இப்படிச் சொல்ல முடியாது. வழக்கத்தைத் தாங்கியது நெல் என்று 17ஆம் பக்கத்தில் சொன்னவர், நெல் போன பிறகு எஞ்சிய வெறும் கடமைக்குத் தண்டனை விதித்த சட்டத்தை ‘உயர்த்தியது’ என்று எப்படி எழுதலாம்? பங்கை எடுத்துவிட்டு உழைப்பை மட்டும் கேட்ட சட்டம் அது. நூலின் சொந்தத் தர்க்கம் இதைத்தான் கோருகிறது, ஆசிரியர் கை பின்வாங்கிவிட்டது.

அதைவிடப் பெரிய பின்வாங்கல் ஏழாம் இயலில் இருக்கிறது. கரை வேலை எப்படி நடந்தது என்று விவரிக்கும் இடம்: “மண் சுமக்கப்பட்டது. கரை உயர்த்தப்பட்டது. கலங்கலின் கற்கட்டு சரிசெய்யப்பட்டது. பணி அறுவடைக்குப் பிந்தைய வாரங்களில் முடிக்கப்பட்டது” (பக். 238). யாரால்? நான்கு வாக்கியங்களிலும் எழுவாயாக ஆள் இல்லை. கோடையில் ஏரியின் உள்வாயிலிருந்து கூடையில் மண்ணெடுத்துக் கரைமேல் ஏறியவர்கள் யார் என்பது செங்கல்பட்டில் யாருக்கும் தெரியாத செய்தி அல்ல. மூன்று பக்கங்கள் தள்ளி நூலாசிரியரே எழுதுகிறார்: “பண்ணையாட்களின் உழைப்பு மிராசுதாரரின் பங்களிப்பாகவே கணக்கில் ஏறியது” (பக். 241). முழு நூலையும் புரட்டிப்போட வேண்டிய வாக்கியம் இது. சேரியிலிருந்து வந்த பறையர் ஆணும் பெண்ணும் சுமந்த மண், நிலம் வைத்திருந்தவரின் பெயரில் வரவாகிறது. மேரையில் அவர்களுக்கு என்ன பங்கு இருந்தது, ஏரிக்கென ஒதுக்கிய நெல் அவர்களுடைய கூலியாகக் கையில் வந்ததா அல்லது மிராசுதாரரின் களஞ்சியத்திலேயே தங்கியதா? இந்த ஒரு கேள்விக்கு ஓலைக் கணக்கு பதில் தருமா என்று ஆசிரியர் தேடிப்பார்த்திருக்க வேண்டும். தேடியும் கிடைக்கவில்லை என்றால் அதையாவது சொல்லியிருக்க வேண்டும். அடுத்த பத்தியிலேயே பேச்சு மதகுக் கற்களுக்குப் போய்விடுகிறது.

1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கியதோடு நூலை முடித்ததற்கு ஆசிரியர் தரும் காரணம், அதன் பின் பராமரிப்பு பொறியாளர்களின் விஷயமாகிவிட்டது என்பது (பக். 329). ஏரிக்கு அது பொருந்தலாம். ஏரியைச் சுமந்தவர்களுக்குப் பொருந்தாது. எட்டே ஆண்டுகள் கழித்து, 1891இல், இதே மாவட்டத்தின் கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அளித்த அறிக்கை, பஞ்சமி நிலம் ஒதுக்கப்படுவதற்கு வழிவகுத்த ஆவணம். கால எல்லையைத் தாண்டுகிறது என்று அதைத் தொடாமல் விட்டது நியாயமாகப் படவில்லை. பிந்தைய ஆவணத்தைக் கொண்டு முந்தைய நிலையை விசாரிப்பது வரலாற்றாசிரியர்கள் எப்போதும் செய்வதுதான்.

1876–78 பஞ்சம் பற்றிய எட்டாம் இயல் குறுகியது, ஆனால் கனமானது. நிவாரண வேலைத்தளங்களில் நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் என்று ரிச்சர்டு டெம்பிள் குறைத்த கூலிக்கு மண் சுமந்தவர்களைப் பற்றிய பகுதியில் நூலாசிரியரின் நடை மாறுகிறது. எழுவாய் திரும்பி வருகிறது: “அவர்கள் வந்தார்கள், மண்வெட்டியைத் தூக்கத் தெம்பில்லாமல் வந்தார்கள், கூடையை இருவராகப் பிடித்துச் சுமந்தார்கள்” (பக். 287). இந்த நடை ஏழாம் இயலிலும் வாய்த்திருக்கலாமே என்ற ஏக்கம் எனக்கு.

சில நடைமுறைக் குறைகள். அளவைகளை ஓரிடத்தில் கரிசையிலும் (பக். 71) வேறிடத்தில் கலத்திலும் (பக். 118) தருகிறார். கரிசைக்கு 400 மரக்கால், கலத்துக்கு 12 மரக்கால் என்று அறிந்தவர்கூட மரக்காலின் அளவே இடத்துக்கு இடம் மாறும் பகுதியில் இரண்டையும் ஒப்பிடத் தடுமாறுவார். அட்டவணை ஒன்று கட்டாயம் வேண்டும். பொருளடைவு ஊர்ப் பெயர்களோடு நின்றுவிடுகிறது. மேரை, தலையாரி, பண்ணையாள் போன்ற சொற்களுக்கு இடமில்லை. வரைபடங்கள் இரண்டும் அச்சில் மங்கிப்போயிருக்கின்றன, வரத்துக்கால் எது, போக்குக்கால் எது என்று பிரித்தறிய முடியவில்லை.

ஏரிகளைப் பற்றி எழுதுபவர்கள், குடிமராமத்தை மீண்டும் கொண்டுவரும் திட்டங்களில் வேலை செய்பவர்கள், பாசனச் சங்கங்களில் இருப்பவர்கள் மூன்றாம் இயலையும் ஐந்தாம் இயலின் பிற்பகுதியையும் அவசியம் படிக்க வேண்டும். இரண்டாம் பதிப்பு வருமானால், 241ஆம் பக்கத்து வாக்கியத்திலிருந்து ஒரு புதிய இயல் தொடங்க வேண்டும் என்பது நூலாசிரியரிடம் என் கோரிக்கை. அதற்கு வேண்டிய ஓலைகள் அவர் கையில்தான் இருக்கின்றன.