கியர்பொக்ஸ் பரிசோதனைத் தாள்: கோபுரம் ஏறும் குழுவினருக்கான தமிழ் வடிவம்

இத்தாள் கிளிநொச்சிக் களக்குழுவினர் சோளகக் காற்று தொடங்குமுன் காற்றாலைக் கோபுர உச்சியிலுள்ள கியர்பொக்ஸில் செய்யும் பரிசோதனைக்குரியது. ஆங்கில மூலத்தில் எல்லா இடத்திலும் ஒரே வினைச்சொல்லே நிற்கிறது. தமிழில் அதனைப் ‘பார்க்கவும்’, ‘தொட்டறியவும்’, ‘அளக்கவும்’ என மூன்றாகப் பிரித்துள்ளேன். ‘பார்க்கவும்’ என்றுள்ள இடத்தில் கை வைக்கக் கூடாது. ‘அளக்கவும்’ என்றுள்ள இடத்தில் கண்மதிப்புப் போதாது. உறுப்புகளின் பெயர்களை நீங்கள் கோபுரத்தில் வழங்கும்படியே விட்டிருக்கிறேன். ‘பற்சக்கரப் பெட்டி’ என்று வோக்கியில் சொன்னால் கீழே நிற்பவர் திருப்பிக் கேட்பார்.

ஏறுமுன்

இருவருக்குக் குறைவாக ஏற வேண்டாம். உற்பத்தியாளர் குறித்த காற்று எல்லையைத் திரையில் தெரியும் வேகத்துடன் ஒப்பிட்டு, இரண்டையும் எழுதவும். சட்டைப் பையிலுள்ள நாணயம், பேனா, தொலைபேசி அனைத்தையும் கீழே வைத்துவிட்டு, கொண்டுசெல்லும் கருவிகளை எண்ணி எழுதவும்.

பூட்டுதல்

பிரேக் பிடித்திருப்பது பூட்டியதாகாது. ரோட்டர் பூட்டு முழுவதுமாக உட்சென்றதை இருவரும் தனித்தனியே பார்க்கவும். மின் ஆளியில் அவரவர் பூட்டை அவரவரே போட்டு, சாவியைத் தம்மிடமே வைத்திருக்கவும்.

எண்ணெய்

இயந்திரம் நின்றவுடன் மட்டம் பார்த்தால் எண்ணெய் குறைந்ததாகத் தோன்றும். கைந்நூலில் உள்ள நேரம் காத்திருந்து, கண்ணாடியில் தெரியும் மட்டத்தை அளக்கவும். பால் நிறமானால் நீர் கலந்திருக்கிறது. மூச்சுக்குழாயிலுள்ள ஈரமுறிஞ்சி மணிகள் நிறம் மாறினவா எனப் பார்க்கவும். கடனீரேரியை அடுத்த கோபுரங்களில் இதனைத் தவறவிட வேண்டாம். ஹோஸில் கசிவு தேடும்போது கையால் தடவக் கூடாது. அழுத்தமுள்ள எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லும். மட்டைத் துண்டொன்றைப் பிடித்துப் பார்க்கவும்.

காந்த அடைப்பானைக் கழற்றித் துடைக்குமுன் படம் எடுக்கவும். பசைபோன்ற மென்தூள் வழமையான தேய்மானமாக இருக்கலாம். விரலுக்கிடையில் நெருடும் செதில் அப்படியன்று. கையுறையுடன் தொட்டறிந்து, செதிலைச் சிறு போத்தலில் இட்டுக் கோபுர எண்ணையும் திகதியையும் எழுதவும்.

பற்கள்

மூடியைத் திறக்குமுன் சுற்றியுள்ள தூசைத் துடைக்கவும். டோர்ச் உட்பட எல்லாக் கருவியும் கயிற்றில் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒளியைச் சாய்த்துப் பிடித்தால் மட்டுமே பல்முகத்தின் மங்கிய சாம்பல் படலம் புலப்படும்; நேரே பிடித்தால் எண்ணெயின் மினுக்கம் அதை மறைத்துவிடும். சாம்பல் படலம், குழி, உராய்வுக் கோடு, வெடிப்பு ஆகியவற்றுள் எது, எந்தப் பல்லில், எந்தப் பக்கத்தில் என்று எழுதவும். ‘நன்று’ என்ற சொல்லை இப்பத்தியில் ஏற்கமாட்டோம். பல்லில் வெடிப்புக் கண்டால் இயந்திரத்தை மீள ஓடவிடாமல் உடனே வோக்கியில் அறிவிக்கவும்.

தாங்கு கைகள்

இறப்பர் வெடித்ததா, போல்ட்டின் அடையாளக் கோடு விலகியதா எனப் பார்க்கவும். விலகியிருந்தால் இறுக்க வேண்டாம். விலகிய நிலையிலேயே படம் எடுக்கவும்.

மூடுதல்

கருவிகளை மீண்டும் எண்ணவும். ஒன்று குறைந்தாலும், அது கிடைக்கும்வரை மூடியும் ரோட்டர் பூட்டும் இருந்தபடியே இருக்க வேண்டும். எண்ணியவர் ஒருவர், கையொப்பமிடுபவர் மற்றவர்.